பதிவு அலுவலகத்தை வேறு மாநிலத்துக்கு மாற்றும் கம்பெனிகள்: ஏன் மாற்றுகிறார்கள், எப்படிப் பின்தொடர்வது?

மாலதி_முதலீடு

கையில் வைத்திருக்கும் ஒரு பட்டியலிட்ட கம்பெனியிடமிருந்து தபால் வாக்கெடுப்பு மின்னஞ்சல் வந்திருக்கிறது. பதிவு அலுவலகத்தைத் தமிழ்நாட்டிலிருந்து தெலங்கானாவுக்கு மாற்றச் சிறப்புத் தீர்மானம் கேட்கிறார்கள். காரணம் என்று எழுதியிருப்பது ஒரே வரி: "நிர்வாக வசதி, செலவுக் குறைப்பு." தொழிற்சாலை இருந்த இடத்திலேயேதான் இருக்கப் போகிறதாம்.

எனக்கு மூன்று கேள்வி. நிஜமான காரணம் என்னவாக இருக்கும்? இது முடியும்வரை எங்கே, எதைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும்? மாற்றம் முடிந்த பிறகு பழைய ஆவணங்களையும் புதியவற்றையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது?

ரோஷன்_டிரேடர்

வரிதான், வேறென்ன. ஜிஎஸ்டி, வருமான வரி எல்லாம் அந்த மாநிலத்தில் குறைவாக இருக்கும். இல்லையென்றால் இங்கே ஏதோ சிக்கல், அதிலிருந்து தப்பிக்கிறார்கள். நானாக இருந்தால் விற்றுவிடுவேன்.

செயலர்12

ரோஷன், பாதி சரி. சிக்கலிலிருந்து தப்பிக்க மாற்றுவது நடக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். வரிக் கதை பொருந்தாது. வருமான வரி மத்திய வரி, நாடு முழுக்க ஒரே விகிதம். ஜிஎஸ்டி சரக்கும் சேவையும் எங்கிருந்து எங்கே போகிறது என்பதைப் பார்க்கும். பதிவு அலுவலகம் எங்கே என்று அது கேட்பதில்லை. தொழில் வரி, தொழிலாளர் சட்டம், தொழிற்சாலை உரிமம் எல்லாம் அந்தந்த இடத்தோடு ஒட்டியவை. தொழிற்சாலை நகராதவரை அவையும் நகராது.

அப்படியானால் பதிவு அலுவலகத்தோடு கூடவே நகர்வது எது? மூன்றுதான்: கம்பெனிப் பதிவாளர், மத்திய அரசின் சார்பில் அனுமதி தரும் மண்டல இயக்குநர், கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் அமர்வு. காரணத்தைத் தேடுகிறவர்கள் இந்த மூன்றில்தான் தேட வேண்டும்.

அடிக்கடி பார்ப்பது இணைப்புக்கு முந்தைய ஏற்பாடு. ஒரே குழுமத்தின் இரண்டு கம்பெனிகள், ஒன்று சென்னையில், மற்றது ஹைதராபாத்தில் என்று வையுங்கள். இணைக்க வேண்டுமானால் இரண்டு அமர்வுகளில் தனித்தனி மனு, இரண்டு வக்கீல், இரண்டு காலக்கெடு. முதலில் ஒன்றை நகர்த்திவிட்டால் ஒரே அமர்வில் முடியும்.

முத்திரைத் தீர்வையும் உண்டு. ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸும் ரிலையன்ஸ் பெட்ரோலியமும் இணைந்தபோது ஒன்று மகாராஷ்டிரம், மற்றது குஜராத். குஜராத்தில் 10 கோடி ரூபாய் கட்டியாயிற்று, அதை மகாராஷ்டிரத்தின் 25 கோடியில் கழித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். முடியாது, இரண்டு நீதிமன்றங்களின் உத்தரவும் தனித்தனி ஆவணம் என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2016இல் சொல்லிவிட்டது. அதன் பிறகு இணைப்புக்கு முன்பே இடம் மாற்றிக்கொள்ள எல்லாருக்கும் ஒரு காரணம் கிடைத்தது.

மாலதி மேடம், உங்கள் கம்பெனியின் குழுமத்தில் தெலங்கானாவில் வேறு கம்பெனி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், ஓராண்டு ஒன்றரை ஆண்டுக்குள் இணைப்பு அறிவிப்பு வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

மாலதி_முதலீடு

இருக்கிறது சார். பட்டியலிடாத ஒரு துணை நிறுவனம், ஹைதராபாத்தில். இதை யாருமே சொல்லவில்லை.

செயலர்12

சொல்ல மாட்டார்கள். இணைப்பு இயக்குநர் குழுவில் முடிவாகாதவரை சொல்லவும் கூடாது. ஆனால் விளக்க அறிக்கையை இன்னொரு முறை மெதுவாகப் படியுங்கள். "செயல்பாடுகளை ஒரே இடத்தில் ஒருங்கிணைக்க" என்ற மாதிரி வரி இருந்தால் அது சும்மா எழுதியதாக இருக்காது.

டெக்ஸாஸ்_வாசு

டெஸ்லா இதைத்தானே செய்தது? டெலவேரிலிருந்து ஆஸ்டினுக்கு 2021லேயே போய்விட்டார்கள். அப்புறம் ஏன் 2024இல் மறுபடி வாக்கெடுப்பு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பழைய_வழக்கு

வாசு, 2021இல் போனது தலைமை அலுவலகம், அதுவும் கலிஃபோர்னியாவிலிருந்து. 2024 ஜூனில் போனது சட்டப்படியான பிறந்த வீடு, அது டெலவேரிலிருந்து. டெலவேரில் அவர்களுக்குப் பெரிய அலுவலகம் எதுவும் இருந்ததே இல்லை. ஆனாலும் இயக்குநர்களுக்கும் பங்குதாரர்களுக்கும் இடையிலான சண்டையை டெலவேர் நீதிமன்றம்தான் டெலவேர் சட்டப்படி தீர்க்கும். 2024 ஜனவரியில் அந்த நீதிமன்றம் மஸ்க்கின் ஊதியத் தொகுப்பை ரத்து செய்தது. அடுத்த ஐந்தாவது மாதம் வாக்கெடுப்பு.

இதில் மாலதி கவனிக்க வேண்டிய வித்தியாசம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் மாநிலம் மாறினால் கம்பெனியை ஆளும் சட்டமே மாறும். பங்குதாரர் வழக்குப் போடும் உரிமையே கூடும், குறையும். இந்தியாவில் எந்த மாநிலத்துக்குப் போனாலும் அதே 2013 கம்பெனிச் சட்டம்தான். அதனால் அங்கே நடக்கும் விவாதத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து பயப்படத் தேவையில்லை.

பின்தொடர்வதும் அங்கே சுலபம். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் `EDGAR` தளத்தில் டெஸ்லாவின் `CIK` எண் 1318605. டெலவேரில் இருந்தபோதும் அதே எண், டெக்ஸாஸிலும் அதே எண். இந்தியாவில் அந்த வசதி இல்லை, எண்ணே மாறிவிடும். அதைச் செயலர் சொல்வார் என்று நினைக்கிறேன்.

செயலர்12

சொல்கிறேன். மாலதி மேடம் கேட்ட இரண்டாவது கேள்விக்கு இதுதான் மையம்.

ஒவ்வொரு கம்பெனிக்கும் `CIN` என்று 21 எழுத்து எண் உண்டு. லெட்டர்ஹெட்டில், விலைச்சிட்டையில், ஆண்டறிக்கையில் போட்டே ஆக வேண்டும். அதற்குள்ளேயே மாநிலம் இருக்கிறது. ஏர்டெல் டெல்லியின் வசந்த் குஞ்சிலிருந்து ஹரியானாவின் குருகிராமுக்குப் பதிவு அலுவலகத்தை மாற்றியது. முன்பும் பின்பும்:

```
L74899DL1995PLC070609
L74899HR1995PLC095967
```

முதல் எழுத்து `L` என்றால் பட்டியலிட்டது, `U` என்றால் பட்டியலிடாதது. அடுத்த ஐந்து இலக்கம் தொழில் வகை. பிறகு மாநிலம்: `DL` போய் `HR` வந்திருக்கிறது. 1995 தொடங்கிய ஆண்டு, அது மாறாது. கடைசி ஆறு இலக்கம் பதிவு எண், அது முழுக்கப் புதிது.

அந்தக் கடைசி ஆறில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். 070609 என்று பழைய குறிப்பில் வைத்திருப்பவர், 095967ஐப் பார்த்து வேறு கம்பெனி என்று நினைத்துவிடுவார். இத்தனைக்கும் அப்போது டெல்லிக்கும் ஹரியானாவுக்கும் ஒரே பதிவாளர் அலுவலகம்தான். அதே அலுவலகத்துக்குள்ளேயே எண் மாறியது, ஏனென்றால் பதிவேடு மாநில வாரியாக.

இன்னொன்று, வேதாந்தா. சேசா கோவா காலத்து எண் கோவா, இப்போது மும்பை:

```
L13209GA1965PLC000044
L13209MH1965PLC291394
```

1965இல் தொடங்கிய கம்பெனிக்கு 291394 என்ற பதிவு எண். ஆண்டு பழையது, எண் மட்டும் மிகப் புதிது. இந்த முரணைக் கண்டால் அந்தக் கம்பெனி ஒரு முறையாவது மாநிலம் மாறியிருக்கும் என்று சந்தேகிக்கலாம். யாரும் சொல்லாமலே கண்டுபிடிக்க இதுதான் குறுக்கு வழி.

ரோஷன்_டிரேடர்

ஓ, இது நல்லா இருக்கே. கோயம்புத்தூர் கம்பெனிகளில் `TZ` என்று பார்த்திருக்கிறேன். அது எந்த மாநிலம்? டான்சானியாவா 😀

செயலர்12

தமிழ்நாடுதான். தமிழ்நாட்டில் இரண்டு பதிவாளர்கள்: சென்னையில் பதிவானது `TN`, கோயம்புத்தூரில் பதிவானது `TZ`. மகாராஷ்டிரத்திலும் அப்படியே, மும்பை `MH`, புனே `PN`. ஆகவே `TZ` எழுத்தைப் பார்த்து மாநிலம் மாறியது என்று முடிவு கட்டாதீர்கள். கோயம்புத்தூர்ப் பதிவாளரிடமிருந்து சென்னைக்கு வரவும் மண்டல இயக்குநரின் ஒப்புதல் தேவை, ஆனால் அது வேறு பிரிவு, வேலையும் குறைவு.

சரக்கு_சப்ளையர்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் பங்குதாரர் இல்லை, சரக்கு கொடுத்தவன். ஒரு பிரைவேட் லிமிடெட் எனக்குப் பதினெட்டு லட்சம் பாக்கி. போன வாரம் பதிவுத் தபாலில் ஒரு காகிதம்: பதிவு அலுவலகத்தைக் கர்நாடகாவுக்கு மாற்ற விண்ணப்பிக்கிறோம், ஆட்சேபம் இருந்தால் மண்டல இயக்குநருக்கு எழுதலாம் என்று. இதில் நான் ஏதாவது செய்ய வேண்டுமா? 21 நாள் அவகாசம் என்கிறார் என் கணக்காளர்.

செயலர்12

அண்ணா, காகிதத்தில் எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறது? அதைப் பாருங்கள். 21 நாள் பழைய விதி. 2017இல் விதியைத் திருத்திய பிறகு விளம்பரப் படிவத்தில் 14 நாள் என்றுதான் வருகிறது. போன வாரமே வந்துவிட்டதென்றால் உங்களுக்குப் பாதி நாள் போய்விட்டது.

சரக்கு_சப்ளையர்

பார்த்தேன். பதினான்கு என்றுதான் இருக்கிறது. எட்டு நாள் போய்விட்டது.

பழைய_வழக்கு

அப்படியானால் இன்றே இரண்டு வேலை.

முதல் வேலை, கடன் கொடுத்தோர் பட்டியலைப் பார்ப்பது. விண்ணப்பத்தோடு அவர்கள் ஒரு பட்டியல் இணைக்க வேண்டும்: யாருக்கு, எதற்காக, எவ்வளவு பாக்கி. விண்ணப்பத் தேதிக்கு ஒரு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. இது சரியான பட்டியல் என்று இயக்குநர்கள் பிரமாணப் பத்திரமும் தர வேண்டும். அதன் நகல் பதிவு அலுவலகத்தில் இருக்கும், யாரும் போய்ப் பார்க்கலாம், பக்கத்துக்குப் பத்து ரூபாய்க்கு மேல் போகாத கட்டணத்தில் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பெயர் இருக்கிறதா, பதினெட்டு லட்சம் பதினெட்டாகவே இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் போட்டுத் தொகையைக் குறைப்பது சாதாரணம்.

இரண்டாவது, ஆட்சேபம். வெறும் கடிதமாக அனுப்பினால் ஓரமாகப் போய்விடும். பிரமாணப் பத்திரத்தோடு, உங்களுக்கு என்ன சம்பந்தம், எந்த அடிப்படையில் ஆட்சேபிக்கிறீர்கள் என்று எழுதி மண்டல இயக்குநருக்கும், ஒரு நகல் கம்பெனிக்கும் போக வேண்டும். விலைச்சிட்டைகள், சரக்குப் பெற்றுக்கொண்ட கையெழுத்து, பாக்கியை ஒப்புக்கொண்ட மின்னஞ்சல் இருந்தால் அதுவும் இணையுங்கள்.

யாரும் ஆட்சேபிக்காவிட்டால் விசாரணையே இல்லாமல் 15 நாளில் உத்தரவு போட விதியில் இடமிருக்கிறது. ஒரு ஆட்சேபம் வந்துவிட்டால் விசாரணை வைக்க வேண்டும். உங்கள் பலமே அந்த வேறுபாட்டில்தான்.

சரக்கு_சப்ளையர்

மண்டல இயக்குநர் எனக்குப் பணம் வாங்கித் தருவாரா?

பழைய_வழக்கு

மாட்டார். அவர் வசூல் நீதிமன்றம் இல்லை. கடன் கொடுத்தவர்களின் சம்மதம் இருக்கிறதா, அல்லது அவர்கள் பாக்கிக்குப் போதுமான ஏற்பாடோ பிணையோ செய்திருக்கிறதா என்று உத்தரவுக்கு முன் அவர் பார்த்துத் திருப்தி அடையலாம், சட்டத்தின் 13ஆம் பிரிவில் அப்படித்தான் இருக்கிறது. அந்த இடத்தில் கம்பெனிக்கு அவசரம் இருந்தால், ஆட்சேபத்தைத் திரும்பப் பெறச் சொல்லி உங்களோடு பேச வருவார்கள். பேச்சு அங்கே தொடங்கும்.

செயலர்12

ஒரு எச்சரிக்கை. "அந்த விலைச்சிட்டையில் தரக் குறைபாட்டுத் தகராறு இருக்கிறது, ஆகவே அது கடனே இல்லை" என்று கம்பெனி சொன்னால், மண்டல இயக்குநர்கள் பலர் அந்தத் தகராறுக்குள் போவதில்லை. சிவில் நீதிமன்றத்துக்குப் போ என்று சொல்லிவிட்டு மாற்றத்தை அனுமதித்துவிடுவார்கள்.

பழைய_வழக்கு

இதில் நமக்குள் ஒத்துப்போகாது. தகராறு விண்ணப்பத்துக்கு முன்பே எழுத்தில் இருந்ததா, இல்லை ஆட்சேபம் வந்த பிறகு முளைத்ததா என்று பார்க்காமல் அனுமதிப்பது சரியில்லை என்பது என் வாதம். பிணை கேட்க மண்டல இயக்குநருக்கு அதிகாரம் இருக்கிறது, பயன்படுத்தலாம்.

செயலர்12

பயன்படுத்தலாம். பயன்படுத்துகிறார்களா என்பதுதான்.

சரக்கு_சப்ளையர்

சரி, ஒருவேளை மாற்றிவிட்டார்கள் என்று வையுங்கள். நான் பெங்களூரு போய் வழக்குப் போட வேண்டுமா?

பழைய_வழக்கு

எந்த வழக்கு என்பதைப் பொறுத்தது. சிவில் வழக்கு சரக்குக் கொடுத்த இடத்திலேயே, அதாவது வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலேயே போடலாம். பதிவு அலுவலகம் நகர்ந்தது அதைத் தொடாது. உங்களுக்கு உத்யம் பதிவு இருந்தால் இன்னும் நல்லது: சிறு, குறு நிறுவன வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகலாம், அங்கே சப்ளையர் இருக்கும் இடம்தான் கணக்கு. வாங்கியவர் நாட்டில் எங்கே இருந்தாலும் சரி.

திவால் சட்டப்படி போனால்தான் இடம் மாறும். அது பதிவு அலுவலகம் இருக்கும் மாநிலத்துக்கான தீர்ப்பாய அமர்வில்தான் போட முடியும். ஆனால் அதற்குக் குறைந்தது ஒரு கோடி ரூபாய் பாக்கி வேண்டும், 2020 மார்ச்சிலிருந்து. பதினெட்டு லட்சத்துக்கு அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது. ஆகவே அந்தக் கவலையை விடுங்கள்.

ஒரு கோடிக்கு மேல் பாக்கி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால்: கேட்பு அறிவிப்பைப் பதிவு அலுவலக முகவரிக்கு அனுப்ப வேண்டும். பழைய முகவரிக்கு அனுப்பினால் "எங்களுக்கு வரவே இல்லை" என்ற முதல் வாதத்தை நீங்களே அவர்கள் கையில் கொடுத்ததாகும். அனுப்பும் நாளன்று காலையில் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் முகவரியைப் பார்த்து, அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாலதி_முதலீடு

என் கேள்விக்குத் திரும்பலாமா? பட்டியலிட்ட கம்பெனிக்கு, இன்றிலிருந்து நான் எதை எதைப் பார்க்க வேண்டும்?

செயலர்12

வரிசையாகச் சொல்கிறேன். கூடவே எங்கே தடுக்கும் என்பதையும்.

இப்போது உங்கள் கையில் இருப்பது வாக்கெடுப்பு. நான்கில் மூன்று பங்கு வாக்கு ஆதரவாக விழ வேண்டும். முடிவு வந்த இரண்டு வேலை நாளில் பங்குச் சந்தைத் தளத்தில் எண்ணிக்கையோடு போட வேண்டும். அதில் முதலீட்டு நிறுவனங்கள் என்ற வரிசையை மட்டும் பாருங்கள். நிறுவனர்கள் 100 சதவீதம் ஆதரவு என்பதில் செய்தி எதுவும் இல்லை. நிறுவனங்களில் கணிசமானவர்கள் எதிர்த்திருந்தால் அவர்களுக்கு என்னவோ தெரிந்திருக்கிறது.

அந்த நாளில் செய்தித்தாள்கள் "ஹைதராபாத்துக்கு மாறியது" என்று எழுதிவிடும். மாறவில்லை. அனுமதி மட்டும்தான் கிடைத்திருக்கிறது.

அடுத்து விளம்பரம். `INC-26` என்ற படிவத்தில் உள்ள வாசகத்தை இரண்டு செய்தித்தாளில் போட வேண்டும், ஒன்று அந்த மாவட்டத்தின் மொழியில், ஒன்று ஆங்கிலத்தில். எல்லாரும் செய்யும் தவறு, புதிய ஊரின் பத்திரிகையில் தேடுவது. விளம்பரம் வருவது பழைய ஊரில். உங்கள் விஷயத்தில் தமிழ்ப் பத்திரிகையில் வரும். அது வந்த 30 நாளுக்குள் `INC-23` விண்ணப்பம் போயிருக்க வேண்டும், ஆகவே விளம்பரத் தேதி தெரிந்தால் விண்ணப்பத் தேதியை ஏறக்குறைய ஊகிக்கலாம்.

விண்ணப்பத்தின் முழு நகல் பதிவாளருக்கும் மாநிலத் தலைமைச் செயலருக்கும் போகும். பட்டியலிட்ட கம்பெனியானால் செபிக்கும் அறிவிப்பு போகும். ஊழியர் யாரையும் இந்த மாற்றத்தால் வேலையிலிருந்து நீக்க மாட்டோம் என்று உறுதிமொழி வேண்டும். மத்திய அரசு 60 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் வாக்கெடுப்பிலிருந்து புதிய சான்றிதழ்வரை நாலைந்து மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உத்தரவு வந்தால் அதை `INC-28` படிவத்தில் 30 நாளில் தாக்கல் செய்வார்கள். பிறகு புதிய மாநிலத்தின் பதிவாளர் புதிய சான்றிதழ் தருவார். அந்தச் சான்றிதழில்தான் புதிய `CIN` இருக்கும், மாற்றம் உண்மையில் நடந்தது அப்போதுதான். முகவரிக்கு `INC-22`.

நூறு ரூபாய் கட்டினால் அமைச்சகத் தளத்தில் கம்பெனியின் பொது ஆவணங்களைப் பார்க்கலாம். `INC-28` இணைப்பில் மண்டல இயக்குநரின் உத்தரவு இருக்கும். அந்த நாலைந்து பக்கத்தில், யார் ஆட்சேபித்தார்கள், எப்படித் தீர்ந்தது என்பது வரும். வாக்கெடுப்பு நோட்டீஸில் கிடைக்காத விஷயம் இதில் கிடைக்கும்.

ரோஷன்_டிரேடர்

நாலைந்து மாதம் ஆகியும் ஒன்றும் வரவில்லை என்றால்?

செயலர்12

நான் முதலில் "பிறகு வருகிறேன்" என்று சொன்னது இதுதான். கம்பெனி மீது விசாரணை, ஆய்வு, புலனாய்வு எதுவும் தொடங்கியிருந்தாலோ, இந்தச் சட்டத்தின் கீழ் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தாலோ மாற்றத்தை அனுமதிக்கக் கூடாது என்பது விதி. தப்பித்து ஓடுகிறவர்களை நிறுத்தவே அது. ஆகவே வாக்கெடுப்பு முடிந்து, விளம்பரமும் வந்து, பிறகு எட்டுப் பத்து மாதம் அமைதி என்றால், இரண்டில் ஒன்று: ஆட்சேபத்தில் மாட்டியிருக்கிறது, அல்லது வெளியே சொல்லாத ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அதை நேராகக் கேளுங்கள். "ஒழுங்குமுறை ஒப்புதல் நிலுவையில்" என்று மட்டும் பதில் வந்தால், எந்தத் தேதியில் விண்ணப்பம் போனது என்று அடுத்த கேள்வி.

ஆக, மாற்றம் நடந்ததைவிட நடக்காமல் நின்றதுதான் சிவப்புக் கொடி. ரோஷன் விற்றுவிடுவேன் என்றது அதற்குப் பொருந்தும், வாக்கெடுப்புக்கு அல்ல.

மாலதி_முதலீடு

மாறிய பிறகு பழைய ஆவணங்கள்?

செயலர்12

அமைச்சகத் தளத்தில் எண்ணால் தேடாமல் பெயரால் தேடுங்கள், பழைய தாக்கல்களும் அதே கம்பெனிக்குக் கீழேதான் இருக்கும். சட்டப்படி அதே ஆள். கடன், வழக்கு, ஒப்பந்தம் எல்லாம் அப்படியே தொடரும்.

பெயரும் கூடவே மாறியிருந்தால் (சிலர் இரண்டையும் சேர்த்தே செய்வார்கள், அப்போதுதான் தடம் தொலைகிறது) மாறாதவற்றைப் பிடியுங்கள். பட்டியலிட்ட பங்கானால் `ISIN`. பெரிய வங்கிக் கடன் வாங்கியதானால் 20 எழுத்து `LEI`. எல்லாக் கம்பெனிக்கும் பான் எண்.

பான் கையில் இருந்தால் ஜிஎஸ்டி தளத்தில் `Search by PAN` என்று இருக்கிறது. அந்தப் பானில் எந்தெந்த மாநிலத்தில் பதிவு இருக்கிறது, எது ரத்தானது என்று எல்லாம் வரும். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: 33 தமிழ்நாடு, 36 தெலங்கானா, 29 கர்நாடகா. சப்ளையர் அண்ணா, உங்களுக்கு இது முக்கியம். பதிவு அலுவலகம் மட்டும் போய் 33 உயிரோடு இருந்தால் வியாபாரம் இங்கேதான் நடக்கிறது. 33ஐயும் ரத்து செய்துவிட்டு 29 எடுத்திருந்தால் சாமான் கட்டிக்கொண்டு போகிறார்கள் என்று பொருள்.

சரக்கு_சப்ளையர்

இப்போதே பார்த்தேன். அவர்கள் விலைச்சிட்டையில் இருந்த எண்ணின் நடுவில் உள்ள பத்து எழுத்துதான் பானாம், அதைப் போட்டேன். 33 செயலில். 29 போன மாதம் எடுத்திருக்கிறார்கள். இரண்டுமே இருக்கிறது. இதற்கு என்ன பொருள்?

பழைய_வழக்கு

இன்னும் ஒன்றும் பொருள் இல்லை. 33 ரத்துக்கு விண்ணப்பித்ததாகக் காட்டினால் உடனே வாருங்கள். ஆட்சேபத்தை அதற்காகக் காத்திருக்காமல் அனுப்புங்கள், இன்னும் ஆறு நாள்தான்.

டெக்ஸாஸ்_வாசு

ஒரு கேள்வி. இதே மாதிரி ஒரு இந்தியக் கம்பெனி பதிவு அலுவலகத்தைச் சிங்கப்பூருக்கு மாற்ற முடியுமா? புதுத் தொழில் கம்பெனிகள் நிறைய அங்கே "போனதாக" படிக்கிறோமே.

செயலர்12

முடியாது. 13ஆம் பிரிவு மாநிலத்திலிருந்து மாநிலத்துக்கு மட்டும்தான். "போனது" என்று எழுதுவது, சிங்கப்பூரில் புதிதாக ஒரு தாய்க் கம்பெனி தொடங்கி, இந்தியக் கம்பெனியின் பங்குகளை அதற்குக் கொடுத்து, பங்குதாரர்கள் அங்கே பங்கு வாங்கிக்கொள்வது. இந்தியக் கம்பெனி அதே முகவரியில், அதே `CIN` எண்ணோடு இருக்கும். ஆகவே மேலே சொன்ன எந்தத் தடமும் அங்கே உதவாது. ஆண்டுத் தாக்கலான `MGT-7` படிவத்தில் பங்குதாரர் பட்டியலைப் பாருங்கள்: போன வருடம் பத்துப் பதினைந்து பெயர், இந்த வருடம் ஒரே வெளிநாட்டுக் கம்பெனி என்றால் அதுதான் நடந்திருக்கிறது.

திரும்பி வருவதும் நடக்கிறது. போன்பே 2022இல் சிங்கப்பூரிலிருந்து இந்தியாவுக்கு வந்தது, அதற்கு அதன் முதலீட்டாளர்கள் சுமார் 8,000 கோடி ரூபாய் வரி கட்டியதாக நிறுவனர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். இந்தியாவில் பங்கு வெளியீடு செய்ய வேண்டுமானால் தாய்க் கம்பெனி இங்கே இருப்பது வசதி, அதுதான் காரணம். 2024 செப்டம்பரில் விதியைத் திருத்தி, வெளிநாட்டுத் தாய் தன் முழு உடைமையான இந்தியத் துணைக் கம்பெனியோடு இணைய, தீர்ப்பாயத்துக்குப் போகாத விரைவு வழி கொடுத்தார்கள். ஆனால் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி கட்டாயம்.

டெக்ஸாஸ்_வாசு

இணைந்தால் தாய்க் கம்பெனி காணாமல் போகுமா?

செயலர்12

ஆம், சிங்கப்பூர்ப் பதிவேட்டில் அது முடிந்துபோகும், இந்தியக் கம்பெனியின் பங்குதாரர் பட்டியல் மறுபடி நீளும். ஏறக்குறைய பழைய பெயர்கள் திரும்பி வரும்.

ரோஷன்_டிரேடர்

மாலதி, எப்படி வாக்களிக்கப் போகிறீர்கள்?

மாலதி_முதலீடு

இன்னும் போடவில்லை. இணைப்பு வந்தால் அந்தத் துணை நிறுவனத்தின் கடன் எவ்வளவு என்று பார்க்க வேண்டும், அது நோட்டீஸில் இல்லை. அதன் இருப்புநிலைக் குறிப்பை நூறு ரூபாய் கட்டி எடுக்கிறேன்.

செயலர்12

அதன் அடமானப் பதிவேட்டையும் சேர்த்துப் பாருங்கள், அது பொதுத் தகவலிலேயே வரும், கட்டணம் இல்லை.

சரக்கு_சப்ளையர்

பட்டியலைப் பார்க்க ஆள் அனுப்பினேன். என் பெயர் இருக்கிறது. தொகை பதினொன்றரை லட்சம் என்று போட்டிருக்கிறார்கள்.

பழைய_வழக்கு

அந்தப் பக்கத்தின் நகலை வாங்கிவிடுங்கள். பதினொன்றரையை அவர்களே பிரமாணப் பத்திரத்தில் ஒப்புக்கொண்டதாகிறது. மீதி ஆறரை லட்சத்துக்கான விலைச்சிட்டை எண்களை மட்டும் தனியாக எடுத்து எழுதுங்கள், ஆட்சேபத்தின் முதல் பத்தி அதுவாக இருக்கட்டும்.